யார் பார்ப்பார்கள், சார்?

எங்கள் தெருவில் மாடியில் இரண்டு அறை எடுத்து டியூஷன் நடத்தும் கணக்கு வாத்தியார் ஒருநாள் மாலை தன் போனை என்னிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் தமிழ்ல எழுதித் தர முடியுமா? ஒரு அம்மா கேட்கிறாங்க, என்ன எழுதியிருக்குன்னே புரியலைன்னு."

திரையில் இருந்தது ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். அவரிடம் படித்துவிட்டு இன்ஜினீயரிங் முடித்த பையன் ஒருவன் நன்றிக்கடனாக ஒரு ஆப் செய்து கொடுத்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை 64 பிள்ளைகள். அவர்களின் பெயர், மதிப்பெண், வருகை, பெற்றோர் போன் எண் எல்லாம் அதில் ஏறுகின்றன. பிளே ஸ்டோரில் ஆப்பை ஏற்ற வேண்டுமானால் தனியுரிமை அறிவிப்பு ஒன்றின் சுட்டியைக் கொடுத்தாக வேண்டும். பையன் எங்கிருந்தோ ஒன்றை எடுத்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டான். ஏழாம் பக்கத்தில் கலிஃபோர்னியா மாநிலத்தில் வசிப்பவர்களின் சிறப்பு உரிமைகள் இருந்தன. ஒன்பதாம் பக்கத்தில் "உங்கள் ஆர்டர் டெலிவரி ஆனதும்" என்று ஒரு பத்தி. அல்ஜீப்ராவை யாரும் டெலிவரி செய்வதாகத் தெரியவில்லை.

இதைத் தமிழில் பெயர்த்துப் பயனில்லை என்று சொன்னேன். புதிதாக எழுதலாம், ஒரு பக்கம் போதும், ஒரு மணி நேர வேலை என்றும் சொன்னேன். அது மூன்று வாரம் ஆயிற்று. எழுதுவதில் தாமதமில்லை. எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்தபோது, ஆப்பையும் டியூஷன் நடக்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிப்பு, சம்மதம், பிள்ளைகளின் விவரம் பற்றிய விதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் கட்டாயமாகின்றன. சின்ன டியூஷன்தானே என்று விலக்கு எதுவும் அதில் இல்லை. இன்னொன்று, ஆப்பை யார் செய்தாலும், விவரம் எந்தக் கம்பெனியின் சர்வரில் இருந்தாலும், எதற்காகச் சேர்க்கிறோம் என்று முடிவு செய்தவர்தான் பொறுப்பு. ஆகவே பொறுப்பு வாத்தியாருடையது, பையனுடையது அல்ல. இதைக் கேட்டதும் வாத்தியார் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் போட்டோம். என்ன விவரம், எதற்காக, யார் பார்ப்பார்கள், எதுவரை. ஆப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்துவைத்து, அதில் கேட்கும் ஒவ்வொன்றையும் முதல் கட்டத்தில் எழுதினேன். பெயர், வகுப்பு, பள்ளி, பிறந்த தேதி, புகைப்படம், ஆதார் எண், அப்பா பெயர், அப்பாவின் தொழில், போன் எண். பிறகு மதிப்பெண், வருகை, கட்டணம் என்று தினமும் சேர்பவை.

இரண்டாவது கட்டம் வந்ததும் பேச்சு தடுக்கத் தொடங்கியது.

"ஆதார் எதுக்கு சார்?"

"எல்லாரும் கேட்பாங்களே."

"நீங்க என்ன செய்யறீங்க அதை வெச்சு?"

வாத்தியார் யோசித்தார். ஒன்றும் செய்யவில்லை. பிறந்த தேதி வாழ்த்து அனுப்ப. புகைப்படம் அடையாள அட்டைக்கு, ஆனால் அடையாள அட்டை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. அப்பாவின் தொழில், கட்டணம் கட்டத் தாமதமானால் புரிந்துகொள்ள என்றார். அது அவர் நேரில் பேசித் தெரிந்துகொள்ளக்கூடியது, ஆப்பில் ஏற்றி வைக்கத் தேவையில்லை. பள்ளியின் பெயர் மட்டும் வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். ஐந்து பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், காலாண்டுத் தேர்வு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நாள், அதற்குத் தக்கபடி வகுப்பை மாற்ற வேண்டும். இது நியாயமான காரணம். பள்ளி நின்றது, மற்ற நான்கும் போயின. அப்பாவின் பெயரையும் எடுத்துவிட்டோம். போன் எண் இருந்தால் போதும்.

சட்டம் சொல்வதும் இதுதான். குறிப்பிட்ட காரியத்துக்கு எது தேவையோ அதற்குத்தான் சம்மதம் செல்லும். சட்டத்திலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். போன் வழியே மருத்துவ ஆலோசனை தரும் ஒரு ஆப், சிகிச்சை விவரத்தோடு அந்தப் பெண்ணின் போனில் உள்ள தொடர்பு எண்கள் பட்டியலையும் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டாலும், பட்டியலுக்கான சம்மதம் செல்லாது, ஏனென்றால் வைத்தியத்துக்கு அது வேண்டியதில்லை. இதைப் படித்துக் காட்டியபோது பையன் தலையைச் சொறிந்தான். டியூஷன் ஆப்பும் திறந்தவுடன் அதே அனுமதியைக் கேட்டுக்கொண்டிருந்தது. எதற்கு என்று அவனுக்கும் தெரியவில்லை. எங்கோ எடுத்த ஒரு நிரல் துணுக்கோடு கூடவே வந்திருக்கிறது. அன்று இரவே எடுத்துவிட்டான்.

மூன்றாவது கட்டம்தான் எங்களை நிறுத்தி வைத்தது.

நான் எழுதிய முதல் வரி இது: "மதிப்பெண் விவரங்கள் பாதுகாப்பாக வைக்கப்படும், தேவைப்படும்போது உரியவர்களுடன் பகிரப்படலாம்." எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மா இதையும் படித்துவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்பார் என்று பிறகு தோன்றியது. வைப்பது யார்? பகிர்வது யார்? உரியவர்கள் யார்? தமிழில் 'படும்', 'படலாம்' என்று முடித்துவிட்டால் காரியத்தைச் செய்கிற ஆள் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறான். அரசாங்கக் கடிதங்களில் பழகிய கை அப்படித்தான் எழுதும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ஆள் இருக்க வேண்டும். 'நாங்கள்', 'நீங்கள்', 'ஆசிரியர்', இப்படி.

அந்த விதிப்படி திருத்தினேன்: "உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை நீங்களும் எங்கள் ஆசிரியர்களும் மட்டுமே பார்ப்பீர்கள்." வாத்தியாருக்குப் பிடித்திருந்தது. பையன்தான் மெல்லச் சொன்னான், "சார், இது பொய்."

எப்படியென்றால், ஒவ்வொரு வாரத் தேர்வு முடிந்ததும் முதல் மதிப்பெண்ணிலிருந்து கடைசி வரை பட்டியலாக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். குழுவில் 64 வீடும் இருக்கிறது. கடைசியில் யார் என்பது ஊருக்கே தெரியும். அதோடு, அந்தக் குழுவில் எல்லார் போன் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது. ஒரு பெண் பிள்ளையின் வீட்டு எண் இன்னொரு பிள்ளையின் அண்ணன் கையில் இருக்கிறது. இதைத் தவிர, பகுதி நேரமாக வரும் இரண்டு ஆசிரியர்களும் வாத்தியாரும் ஒரே பாஸ்வேர்டில் ஆப்பைத் திறக்கிறார்கள். போன வருடம் வேலையை விட்டுப்போன அறிவியல் ஆசிரியருக்கும் அதே பாஸ்வேர்டு தெரியும். யாரும் மாற்றவில்லை. கடைசியாக, பையன் தன் அறையில் உட்கார்ந்தபடியே மொத்தத்தையும் திறந்து பார்க்க முடியும்.

இங்கே இரண்டு வழிதான் உண்டு. வாக்கியத்தை மாற்றி, "உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை மற்ற 63 வீட்டாரும், முன்னாள் ஆசிரியர் ஒருவரும், ஆப் செய்த தம்பியும் பார்ப்பார்கள்" என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். அல்லது நடைமுறையை மாற்றலாம். முதல் வழியில் எழுதிக் காட்டினேன், சும்மா விளையாட்டுக்கு. வாத்தியார் சிரிக்கவில்லை. "இப்படியா நடக்குது?" என்றார்.

நடைமுறையை மாற்றினோம். பட்டியல் குழுவில் வருவது நின்றது. ஒவ்வொரு பெற்றோரும் ஆப்பைத் திறந்தால் தன் பிள்ளையின் மதிப்பெண்ணும், வகுப்பின் சராசரியும், அதிகபட்ச மதிப்பெண்ணும் தெரியும். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். ஆசிரியர்கள் மூவருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு, அவரவர் எடுக்கும் வகுப்பு மட்டும் தெரியும்படி. வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டு 'பிராட்காஸ்ட்' பட்டியல் ஆக்கினோம். அதில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஒரு சங்கடம், டியூஷன் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். சேர்க்கையின்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுவதாக வாத்தியார் ஏற்றுக்கொண்டார்.

பையன் பார்க்க முடியாதபடி செய்ய முடியாது. ஆப் பழுதானால் அவன்தான் திறக்க வேண்டும். அதனால் அவனையும் அறிவிப்பில் எழுதினோம். அவனோடு ஒரு பக்க ஒப்பந்தமும் எழுதிக்கொண்டார் வாத்தியார். இப்படி வெளியாளிடம் வேலையைக் கொடுக்க முறையான ஒப்பந்தம் வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. "என்கிட்டயே கையெழுத்து வாங்கறீங்களா சார்" என்று பையன் கொஞ்சம் வருத்தப்பட்டான். "உனக்கும் அதுதாண்டா நல்லது" என்றார் அவர்.

பெற்றோரின் போன் எண் தனிக்கதை. மதிப்பெண்ணைவிட அதற்குத்தான் சந்தையில் விலை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியும் சமயத்தில் கல்லூரிச் சேர்க்கைத் தரகர்கள் டியூஷன் வாசலுக்கு வருவது நம்மூரில் புதிதல்ல. பட்டியல் இருந்தால் கொடுங்கள், ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். வாத்தியாரிடமும் வந்திருக்கிறார்கள், கொடுத்ததில்லை. கொடுத்ததில்லை என்பதை அறிவிப்பில் சொல்வதானால், "மூன்றாம் தரப்பினருடன் வணிக நோக்கில் பகிர மாட்டோம்" என்று எழுதுவது ஒரு வகை. "கல்லூரிச் சேர்க்கைத் தரகர்கள் உட்பட யாருக்கும் உங்கள் எண்ணைக் கொடுக்க மாட்டோம்" என்று எழுதுவது இன்னொரு வகை. மே மாதம் முழுக்கத் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வாங்கிய எந்த அப்பாவுக்கும் இரண்டாவது சட்டென்று புரியும்.

எண்ணை எதற்குப் பயன்படுத்துவோம் என்பதையும் எண்ணிச் சொல்லிவிட்டோம்: பிள்ளை வராவிட்டால் சொல்ல, தேர்வு பற்றிச் சொல்ல, கட்டணம் நினைவூட்ட. இதில் ஒரு சின்னத் தகராறு வந்தது. ஜூன் மாதம் புது வகுப்பு தொடங்கும்போது, விட்டுப்போன பிள்ளைகளின் வீட்டுக்கும், "தம்பி இருந்தால் சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு செய்தி அனுப்புவது வாத்தியாரின் வழக்கம். அது விளம்பரம். அதற்கென்று எண் வாங்கவில்லை. அவர் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, வேண்டுமானால் தனியாகக் கேட்டு ஒரு கட்டம் வைக்கலாம், டிக் போட்டவர்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்று முடிந்தது. முதலிடம் வந்த பிள்ளையின் படத்தை ஃபிளெக்ஸில் போடுவதற்கும் அதே மாதிரி தனிக் கட்டம். இரண்டு கட்டமும் காலியாகத்தான் இருக்கும், பெற்றோர் தாமாகத் தொட்டால்தான் டிக் விழும். டிக் போடாவிட்டாலும் பிள்ளைக்கு இடம் உண்டு.

நான்காவது கட்டம், எதுவரை. வாத்தியாருக்கு இதில் குழப்பமே இல்லை. எதையும் அழிப்பதில்லை. 2019இலிருந்து எல்லாம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். பிள்ளை டியூஷனை விட்டபிறகு அந்த விவரத்தால் ஆகும் காரியம் ஒன்றுமில்லை, ஆகவே அழித்தாக வேண்டும். நான் அவசரப்பட்டு, "விட்டுப்போன 30 நாளில் அழித்துவிடுவோம்" என்று எழுதிவிட்டேன். அது தப்பு. புதிய விதிகளில் ஒரு உட்பிரிவு, விவரத்தையும் அதைக் கையாண்ட பதிவையும் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது, அரசு சட்டப்படி கேட்டால் காட்டுவதற்காக. தாராளமாக வாக்குக் கொடுப்பதாக நினைத்துக் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கும் இடம் இது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி அறிவிப்புகளை எடுத்து எழுதினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். எனவே விட்டுப்போன நாளிலிருந்து ஒரு வருடம், பிறகு அழிப்பு என்று மாற்றினேன்.

அழிப்பு என்றால் ஆப்பில் மட்டும் அழித்தால் ஆகாது. மாதக் கடைசியில் வாத்தியார் எல்லாவற்றையும் எக்ஸெல் கோப்பாக இறக்கித் தன் போனில் வைத்துக்கொள்வார். அதை மகளின் லேப்டாப்புக்கும் அனுப்பியிருக்கிறார், பிரிண்ட் எடுக்க. தெருமுனை ஜெராக்ஸ் கடையின் மெயிலுக்கும் ஒருமுறை போயிருக்கிறது. விவரம் ஆப்பிலிருந்து வெளியே வந்து குட்டி போடுவது இப்படித்தான். பெரிய நிறுவனங்களில் சர்வரை உடைத்துத் திருடுவார்கள், இங்கே ஜெராக்ஸ் கடைக் கணினியில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் கிடக்கும். எக்ஸெல்லாக இறக்கும் பட்டனைப் பையன் எடுத்துவிட்டான். வாத்தியார் கேட்டால் அந்த மாதக் கட்டணக் கணக்கு மட்டும், போன் எண் இல்லாமல் வரும்.

அடுத்தது சம்மதம். 18 வயது நிறையாதவர்கள் சட்டப்படி பிள்ளைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதுவும் சம்மதித்தவர் பெற்றோர்தான் என்று சரிபார்க்கக்கூடியதாக. போனுக்கு ஓடிபி அனுப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றான் பையன். விண்ணப்பத்தில் அப்பா எண் என்று எழுதியிருப்பதில் எத்தனை எண் உண்மையில் பிள்ளையின் கையில் இருக்கிறது என்று வாத்தியாரைக் கேட்டேன். "பாதிக்கு மேல" என்றார். அப்பா வேலைக்குப் போயிருப்பார், போன் வீட்டில் இருக்கும், பிள்ளையே ஓடிபி போட்டு பிள்ளையே 'சம்மதம்' என்று அழுத்திவிடும். ஓடிபி வந்தால் அந்த எண் யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

நல்லவேளையாகச் சின்ன டியூஷனில் இதற்கு எளிய வழி இருக்கிறது. சேர்க்கையன்று அப்பாவோ அம்மாவோ நேரில் வருகிறார்கள். அப்போது அச்சிட்ட அறிவிப்பைக் கையில் கொடுத்து, படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்களது அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, நகல் எடுக்காமல், கையெழுத்து வாங்குவது. பார்த்த தேதியை மட்டும் ஆப்பில் குறித்துக்கொள்வது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் ஒரு சலுகை உண்டு. கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் வருகை, படிப்பு ஆகியவற்றைக் கவனிக்க இந்தச் சம்மதம் கட்டாயமில்லை. ஆனால் அது குறுகலான சந்து. கட்டண நினைவூட்டலும் ஃபிளெக்ஸ் படமும் அதில் நுழையாது. எல்லாவற்றுக்கும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது என்றேன்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும். ஒரு கையெழுத்தில் கொடுத்ததை, மூன்று கடிதம் எழுதித் திரும்பப் பெறச் சொல்லக்கூடாது. டியூஷனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆப்பிலும் ஒரு பட்டன் இருக்கும். அப்படி ஒருவர் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண்ணை நோட்டில் எழுதிக் கொடுப்பதாக வாத்தியார் சொன்னார். 64 பேரில் இரண்டு பேர் கேட்டால் தாங்கும்.

ஆக, தாளில் கடைசியாக நின்றது இது. சட்டம் கேட்பதும் இதுவே: வேறெந்தத் தாளையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் தனியாகப் படித்தால் புரிய வேண்டும், என்ன விவரம், எதற்கு என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

உங்கள் பிள்ளையின் விவரங்களை நாங்கள் என்ன செய்கிறோம்?

எங்கள் ஆப்பில் ஏழு விவரங்களை வைத்திருக்கிறோம்: பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, எங்கள் தேர்வில் எடுத்த மதிப்பெண், வருகை, கட்டணம் கட்டிய தேதி, உங்கள் போன் எண். ஆதார், புகைப்படம், பிறந்த தேதி கேட்பதில்லை.

மதிப்பெண்ணையும் வருகையையும் வைத்து, பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளியின் தேர்வு நாளைப் பார்த்து வகுப்பு நேரத்தை மாற்றுகிறோம். உங்கள் எண்ணுக்கு மூன்று காரியத்துக்காக மட்டும் பேசுவோம் அல்லது செய்தி அனுப்புவோம்: பிள்ளை வராதபோது, தேர்வு பற்றிச் சொல்ல, கட்டணம் நினைவூட்ட.

உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை நீங்கள் பார்ப்பீர்கள், அந்த வகுப்பின் ஆசிரியர்கள் பார்ப்பார்கள், டியூஷன் நடத்துபவர் பார்ப்பார். ஆப் பழுதானால் அதைச் செய்து கொடுத்தவர் திறந்து பார்க்க நேரலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்ற பெற்றோருக்குக் காட்ட மாட்டோம். கல்லூரிச் சேர்க்கைத் தரகர்கள் உட்பட யாருக்கும் உங்கள் எண்ணைக் கொடுக்க மாட்டோம்.

பிள்ளை டியூஷனை விட்ட நாளிலிருந்து ஒரு வருடம் கழித்து எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். அதுவரை வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது.

என்ன வைத்திருக்கிறோம் என்று எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், காட்டுவோம். தப்பாக இருந்தால் திருத்துவோம். ஆப்பில் வேண்டாம் என்றால் எங்களிடம் சொல்லுங்கள், அல்லது ஆப்பில் 'வேண்டாம்' பட்டனை அழுத்துங்கள். அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்திவிடுவோம். பிள்ளை தொடர்ந்து படிக்கலாம்.

இந்த விவரங்கள் வேறு யார் கைக்காவது போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் உங்களுக்குச் சொல்வோம். என்ன போனது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்வோம்.

குறை இருந்தால் கீழே உள்ள எண்ணில் டியூஷன் நடத்துபவரிடம் சொல்லுங்கள். 30 நாளில் பதில் தருவோம். தீராவிட்டால் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் நீங்கள் புகார் செய்யலாம்.

அந்த 30 நாள் எங்கள் முடிவு. விதி அதிகபட்சம் 90 நாள் தருகிறது. ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒரு பெற்றோரை மூன்று மாதம் காக்க வைப்பது அழகில்லை. விவரம் வெளியே போய்விட்டால் வாரியத்துக்கும் உடனே சொல்லி, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். அது வாத்தியாரின் வேலை, பெற்றோருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை என்று அறிவிப்பில் சேர்க்கவில்லை. அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி என்று படித்துவிட்டுப் பையன் பயந்தான். அது உச்ச வரம்பு, தவறின் அளவைப் பார்த்துத்தான் வாரியம் முடிவு செய்யும்.

அச்சடிக்கும் முன் ஒரு சோதனை. முதலில் கேள்வி கேட்ட அந்த அம்மாவிடமே கொடுத்தோம். தையல் வேலை செய்பவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அப்போது மேலே தலைப்பாகத் 'தனியுரிமைக் கொள்கை' என்றுதான் இருந்தது. "கொள்கைன்னா கட்சிக்கு இருக்குமே, அதுவா? தனியுரிமைன்னா இடம் யார் பேர்ல இருக்குங்கறதா?" என்றார். உள்ளே நான் எழுதியிருந்த 'தரவு' என்ற சொல்லையும் தாண்டிப் போய்விட்டார். இரண்டையும் எடுத்துவிட்டு, 'விவரம்' என்று போட்டேன். நம் பத்திரிகைகள் பத்து வருடமாக எழுதிவரும் சொற்கள் ஒரு தெருவைத் தாண்டவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

பிறகு தாளை வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேட்டேன். மதிப்பெண்ணை யார் பார்ப்பார்கள்? சரியாகச் சொன்னார். எண்ணை யாருக்காவது கொடுப்பார்களா? "காலேஜ் ஆளுங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க." வேண்டாம் என்றால் என்ன ஆகும்? "பிள்ளையை டியூஷன்ல இருந்து நிறுத்திடுவாங்க." நான் எழுதியிருந்தது நேர் எதிர். ஆனால், "சம்மதத்தைத் திரும்பப் பெறுவது வகுப்பில் தொடர்வதைப் பாதிக்காது" என்று எழுதியிருந்தேன். அது போய், "பிள்ளை தொடர்ந்து படிக்கலாம்" என்று வந்தது அப்படித்தான்.

அறிவிப்பை அச்சிட்டு அறை வாசலில் ஒட்டினார் வாத்தியார். பக்கத்திலேயே பழைய வழக்கப்படி அந்த வாரத் தேர்வின் முழுப் பட்டியலும், சிவப்பு மையில் கையால் எழுதியது, ஒட்டப்பட்டிருந்தது. காகிதத்தில் மட்டும் இருப்பதை இந்தச் சட்டம் தொடாது, அதனால் பரவாயில்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன். மறுநாள் மாலை ஒரு அப்பா, மகள் மூன்றாவது வந்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில், போனை எடுத்து அந்தப் பட்டியலை முழுதாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார், கடைசிப் பெயர் வரைக்கும். வாத்தியார் அவர் போகும்வரை ஒன்றும் சொல்லவில்லை. போன பிறகு நகத்தால் செல்லோடேப்பைச் சுரண்டிப் பட்டியலை உரித்து எடுத்தார். சுண்ணாம்பும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது.